நுண்புழை ஏற்றத்தை வீட்டிலேயே அளப்பது எப்படி? (வாசகர் கேள்விகளுக்குப் பின் திருத்தியது)

மெல்லிய குழாயில் தண்ணீர் தானாக ஏறி நிற்கும் உயரத்தை அளந்து, அதிலிருந்து தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் கண்டுபிடிப்போம். பள்ளி ஆய்வகத்தில் நகரும் நுண்ணோக்கி வைத்துச் செய்யும் பரிசோதனைதான் இது. நான் ரத்தப் பரிசோதனைக் கூடங்களில் பயன்படும் 75 மி.மீ. கண்ணாடிக் குழாயை வைத்துச் செய்கிறேன். மருத்துவப் பொருள் கடைகளில் ‘கேபிலரி டியூப்’ என்று கேட்டால் கிடைக்கும். துளை ஒரே சீராக இருப்பதால், தீயில் காட்டி நீங்களே இழுக்கும் குழாயைவிட இது எவ்வளவோ மேல்.

கணக்குக்கு வேண்டிய சூத்திரம் இது:

```
T = (h + r/3) r ρ g / (2 cos θ)
```

T பரப்பு இழுவிசை, θ சேர்கோணம், அதாவது தண்ணீரின் மேற்பரப்பு கண்ணாடிச் சுவரைத் தொடும் கோணம், r துளையின் ஆரம், h பிறைத்தளத்தின், அதாவது குழாய்க்குள் வளைந்து நிற்கும் தண்ணீர்ப் பரப்பின் அடிவரை உள்ள உயரம், ρ தண்ணீரின் அடர்த்தி, g புவியீர்ப்பு முடுக்கம். r/3 என்பது பிறையின் ஓரங்களில் மேலேறி நிற்கும் கொஞ்சம் தண்ணீருக்கான திருத்தம்.

முதலில் ஆரம். குழாயைப் பக்கவாட்டில் பார்த்து அளக்காதீர்கள். கண்ணாடியே லென்ஸ் போல வேலை செய்து துளையைப் பெரிதாகக் காட்டும். அதைவிட எடை பார்ப்பது நல்லது. காலிக் குழாயை நிறுத்து, முழுக்கத் தண்ணீர் ஏற்றி, வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டு மறுபடி நிறுங்கள். ஒரு மில்லிகிராம் காட்டும் தராசு வேண்டும். சிலர் இதற்குப் பாதரசம் பயன்படுத்துவார்கள். நச்சுப் பொருள் என்பதால் வீட்டில் அது வேண்டவே வேண்டாம்.

உதாரணமாக, 75 மி.மீ. குழாயில் 71 மி.கி. தண்ணீர் பிடிக்கிறது என்று வையுங்கள். 30 டிகிரியில் தண்ணீரின் அடர்த்தி 995.7 கி.கி./மீ³. கணக்குப் போட்டால் r = 0.55 மி.மீ. வரும்.

அடுத்து, குழாயை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் அலசி, பிறகு வாலை வடிநீரில் பல முறை அலசுங்கள். தண்ணீரில் மூழ்கும் முனையை விரலால் தொடக் கூடாது. குவளையையும் இதே கவனத்துடன் கழுவ வேண்டும். அதில் சோப்பு கொஞ்சம் ஒட்டியிருந்தாலே T குறைந்துவிடும்.

இனி வருவதுதான் பெரும்பாலோர் தடுமாறும் படி. உலர்ந்த குழாயைத் தண்ணீரில் வைத்து, தானாக ஏறி நின்ற உயரத்தை அப்படியே அளந்துவிடுகிறார்கள். உலர்ந்த கண்ணாடியில் முன்னேறும் தண்ணீருக்கும், ஏற்கெனவே நனைந்த கண்ணாடியில் பின்வாங்கும் தண்ணீருக்கும் சேர்கோணம் ஒன்றல்ல. கண்ணாடி முழுச் சுத்தமாக இல்லாவிட்டால் இந்த வித்தியாசம் பெரிதாகவே இருக்கும். cos θ = 1 என்று சூத்திரத்தில் போட வேண்டுமானால் நமக்குத் தேவை பூஜ்யத்தை ஒட்டியிருக்கும் பின்வாங்கும் கோணம். அதனால் குழாயை முதலில் ஆழமாக அமிழ்த்தி, பிறகு மெதுவாக உயர்த்தி நிறுத்துங்கள். பிறைத்தளம் நனைந்த சுவரில் இறங்கி வந்து நிற்கும்.

மேலே குறிப்பிட்ட குழாய் இப்படிச் செய்தபோது 26.0 மி.மீ. காட்டியது என்று வைப்போம். r/3 சேர்த்தால் 26.2. அப்போது T = 0.0703 நியூட்டன்/மீ. 30 டிகிரியில் இருக்க வேண்டிய மதிப்பு 0.0712, ஆகவே இது நல்ல விடைதான். அதே குழாய் உலர்ந்த நிலையில் 22.0 மி.மீ. மட்டும் ஏறினால்? அங்கே T-க்கு 0.0712-ஐப் போட்டு cos θ கண்டுபிடியுங்கள். சுமார் 0.84 வரும், அதாவது கோணம் கிட்டத்தட்ட 33 டிகிரி. இரண்டு உயரமும் ஒன்றாகவே வந்தால் குழாய் சுத்தம் என்று நம்பலாம்.

உயரத்தை எங்கிருந்து அளப்பது? குழாயின் வெளிச்சுவரிலும் தண்ணீர் வளைந்து ஏறும் என்பதால் அங்கிருந்து அளக்காதீர்கள். குழாயோடு ஒரு குண்டூசியைச் சேர்த்துக் கட்டுங்கள், குழாயிலிருந்து ஒரு செ.மீ. தள்ளியாவது இருக்கட்டும். ஊசிமுனையும் தண்ணீரில் தெரியும் அதன் பிம்பமும் தொட்டுக்கொள்ளும்போது நிறுத்துங்கள். பக்கத்தில் ஒரு அளவுகோலை நிறுத்தி, கைபேசியை ஸ்டாண்டில் பொருத்திப் பிறைத்தளத்தைப் படம் எடுங்கள். பிறகு குவளையை மட்டும் இறக்கிவிட்டு ஊசிமுனையைப் படம் எடுங்கள். குவளையை இறக்கிய பிறகு பிறைத்தளத்தை அளப்பதில் பயனில்லை. குழாயின் அடியில் துளி தொங்குவதால் உயரம் மாறியிருக்கும்.

பின்சேர்க்கை 1: குழாயில் சிவப்பு வளையம் இருந்தால் வாங்காதீர்கள். உள்ளே ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் பூசியிருப்பார்கள். அதில் நாம் அளப்பது வெறும் கண்ணாடியையும் தண்ணீரையும் அல்ல. நீல வளையம் உள்ளதே வேண்டும்.

பின்சேர்க்கை 2: “தண்ணீர் மட்டத்துக்கு மேல் 15 மி.மீ. மட்டும் நீட்டிக்கொண்டிருந்தால் மேலே வழியுமா?” என்று ஒருவர் கேட்டிருந்தார். வழியாது. தண்ணீர் மேல்விளிம்பைத் தொட்டதும் பிறைத்தளம் தட்டையாகத் தொடங்கும். அதன் வளைவு ஆரம் 0.55-லிருந்து சுமார் 0.97 மி.மீ. ஆனதும், 15 மி.மீ. தண்ணீரைத் தாங்கும் அளவுக்கு மட்டுமே இழுப்பு மிஞ்சும். தண்ணீர் அங்கேயே நின்றுவிடும்.