துப்பை எங்கே ஒளிப்பது? யார் குற்றவாளி கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு செய்முறை

முதலில் ஒரு எச்சரிக்கை. ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளில் ‘சில்வர் பிளேஸ்’ (1892) படிக்காதவர்கள் அதைப் படித்துவிட்டு வாருங்கள். ஒரு மணி நேரம்கூட ஆகாது. கீழே அதன் முடிச்சு முழுவதையும் அவிழ்க்கப் போகிறேன்.

என் கதை ஒன்றைப் படித்தவர்கள் "முதல் பக்கத்திலேயே தெரிஞ்சுபோச்சு" என்றார்கள். துப்பை எடுத்துவிட்டுத் திருத்தி எழுதினேன். "இதை எங்க சொன்னீங்க? ஏமாத்திட்டீங்க" என்றார்கள். காட்டினாலும் தப்பு, மறைத்தாலும் தப்பு என்ற இந்த இடத்தில் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டிருந்தேன். வெளியே வந்த வழிதான் இந்தப் பதிவு.

1. குற்றத்தை மணிவாரியாக எழுதுங்கள்

கதையை அல்ல, நிஜமாக நடந்ததை. நான் கோடு போட்ட நீள நோட்டில்தான் எழுதுவேன். இடப்பக்கம் நீல மையில் நடந்தது, வலப்பக்கம் சிவப்பு மையில் மற்றவர்கள் நம்புவது. கணினியில் அட்டவணை போட்டும் பார்த்தேன், சரிவரவில்லை. இரண்டு பக்கமும் ஒரே பார்வையில் விரிந்து கிடந்தால்தான் எந்த உண்மைக்கு எதிரே பொய் இல்லை என்பது கண்ணில் படுகிறது.

2. குற்றம் விட்டுச்சென்ற மிச்சத்தைத் தேடுங்கள்

கைரேகை, ரத்தக்கறை வேண்டாம். குற்றவாளி வேறெங்கோ இருந்ததால் கெட்டுப்போன ஒரு அன்றாட வேலை போதும். என் கதையில் ஒரு கூட்டுக்குடும்பம். மாலை ஆறிலிருந்து ஏழுக்குள் பீரோவிலிருந்து அட்டிகை காணாமல் போகிறது. எடுத்தது சித்தி. "நான் பின்கட்டுல மாவாட்டிட்டு இருந்தேன்" என்கிறாள். கிரைண்டர் சத்தம் வீடு முழுக்கக் கேட்டதால் யாரும் சந்தேகப்படவில்லை. ஆனால் கிரைண்டர் தானாக ஓடும். உளுந்துக்கு அவ்வப்போது தண்ணீர் தெளிக்கத்தான் ஆள் வேண்டும். தெளிக்காவிட்டால் உளுந்து பொங்காது. மறுநாள் காலை இட்லி கல்லாக வரும். அந்த இட்லிதான் மிச்சம்.

3. மிச்சத்துக்கு ஒரு பொய்க் காரணம் கொடுங்கள்

நான் தடுக்கி விழுந்த படி இதுதான். இட்லி கல்லாக இருந்தது என்று மட்டும் எழுதினேன். காரணம் இல்லாமல் ஒரு தகவல் தனியாக நின்றால் வாசகர் உடனே அதைப் பிடித்துக்கொள்வார். காரணம் கிடைத்துவிட்டால் அடுத்த வரிக்குப் போய்விடுவார்.

‘சில்வர் பிளேஸ்’ இதை எப்படிச் செய்கிறது என்று பாருங்கள். டார்ட்மூரில் ஒரு பந்தயக் குதிரை காணாமல் போகிறது. அதன் பயிற்சியாளர் ஸ்ட்ரேக்கர் திறந்தவெளியில் செத்துக் கிடக்கிறார். அவர் பையில், டெர்பிஷயர் என்பவர் பெயருக்கு ஒரு பெண்கள் துணிக்கடை பில். "அவர் என் கணவரின் நண்பர், அவருக்கு வரும் கடிதம் சில நேரம் எங்கள் வீட்டு முகவரிக்கு வரும்" என்று மனைவி சொல்லிவிடுகிறார். லாயத்துப் பரணில் படுத்திருந்த இரண்டு பையன்களுக்கு இரவில் எதுவும் கேட்கவில்லை. அவர்கள் நன்றாகத் தூங்குகிறவர்களாம். நமக்கும் திருப்தி.

பொய்க் காரணம் மட்டும் போதாது, அதை உடைக்கும் ஒரு தகவலும் கதைக்குள்ளேயே இருக்க வேண்டும். நியாயம் என்பதே இதுதான். லாயத்தில் ஒரு நாய் இருப்பது நமக்கு முன்பே தெரியும். அந்நியன் வந்திருந்தால் அது குரைத்துப் பையன்களை எழுப்பியிருக்கும். பில்லில் இருந்த விலை உயர்ந்த பட்டு உடையை ஸ்ட்ரேக்கரின் மனைவியிடம் பார்த்ததாக ஹோம்ஸ் பேச்சுக் கொடுக்கிறார். தன்னிடம் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்கிறார் அவர். இன்னொரு பெண்ணுக்காகப் பெயர் மாற்றிக் கடன் வாங்கியவர் ஸ்ட்ரேக்கரேதான். தான் பழக்கும் குதிரையே பந்தயத்தில் தோற்றால் அந்தக் கடனை அடைக்கப் பணம் வரும் என்று, அதை நொண்டியாக்க நள்ளிரவில் வெளியே கூட்டிப்போகிறார், அது உதைத்துச் சாகிறார்.

என் கதையில் பாட்டி, "மழைக்கு மாவு புளிக்கல" என்கிறாள். இது பொய்க் காரணம். அதே காட்சியில் குழந்தை, "புளிக்குது, சீனி வேணும்" என்று அழுகிறது. மாவு புளித்திருக்கிறது என்றால் மழை காரணமில்லை. அழுகிற குழந்தை சொல்வதை யாரும் சாட்சியாக எடுத்துக்கொள்வதில்லை.

4. பொய்த்தடத்தையும் அதே தட்டில் வையுங்கள்

ரெட் ஹெர்ரிங் என்றால் திருட்டு முழி முழிக்கிற ஒரு ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவது என்று நினைத்திருந்தேன். கடைசியில் அவன் "சும்மா வந்தேன்" என்றால் வாசகருக்குக் கோபம் வரும். பொய்த்தடத்துக்குப் பின்னாலும் ஒரு உண்மை வேண்டும், வேறொரு உண்மை.

ஹோம்ஸ் கதையில் அந்த ஆள் சிம்ப்சன். பந்தயத் தகவலுக்காக லாயத்தை நோட்டம் விட வந்தவன். அவன் கழுத்துத் துணி பிணத்தின் கையில் இருக்கிறது. அவன் ஓடும்போது நழுவவிட்டதை ஸ்ட்ரேக்கர் எடுத்துவைத்திருக்கிறார், அவ்வளவுதான். என்னை அசத்தியது இது அல்ல. காவலுக்கு இருந்த பையனின் ஆட்டுக்கறி மசாலாவில் அபின் கலந்திருந்தது. வேலைக்காரப் பெண் அந்தத் தட்டோடு வரும்போதுதான் சிம்ப்சன் பேச்சுக் கொடுக்கிறான். அவன்தான் கலந்திருப்பான் என்று நமக்குப் படுகிறது. ஆனால் அபினின் ருசியை மறைக்கிற மசாலா அன்றைக்கு அந்த வீட்டில் சமைக்கப்படும்படி வெளியாள் எப்படி ஏற்பாடு செய்ய முடியும்? வீட்டுக்காரரால்தான் முடியும். சிம்ப்சனைக் காட்டும் அதே தட்டு ஸ்ட்ரேக்கரையும் காட்டுகிறது. நாய் இருப்பதும் எப்போது தெரிகிறது? அவனை விரட்டக் காவல்காரப் பையன் நாயை அவிழ்க்க ஓடும்போது. வாசகர் சிம்ப்சனைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் துப்பு உள்ளே வந்துவிடுகிறது.

இதைப் புரிந்துகொண்ட பிறகு என் இட்லிக் காட்சியை மாற்றினேன். மாப்பிள்ளை ஒரு விள்ளல் வாயில் போட்டுவிட்டுத் தட்டை நகர்த்தி எழுந்து போகிறார். குற்ற உணர்ச்சி, சாப்பாடு இறங்கவில்லை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நேற்று மாலை எங்கே போனார் என்பதிலும் பொய் சொல்லியிருக்கிறார். உண்மையில் அவர் யாருக்கும் தெரியாமல் பைக்கை அடகு வைக்கப் போயிருந்தார். தட்டை நகர்த்தியது இட்லி கல்லாக இருந்ததால். பார்வை அவர் முகத்தில் இருக்கும்போது துப்பு தட்டில் இருக்கிறது.

5. முடிச்சு அவிழும் முன் நிறுத்திக் கொடுங்கள்

எல்லரி குவீனின் தொடக்க கால நாவல்களில் ஒரு இடத்தில் கதை நின்று, தேவையான எல்லாம் இப்போது உங்களிடம் இருக்கிறது, கண்டுபிடியுங்கள் என்று வாசகருக்குச் சவால் வரும். உங்கள் பிரதியையும் அந்த இடம் வரை மட்டும் நண்பர்களிடம் கொடுங்கள். யாரைச் சந்தேகிக்கிறீர்கள், எந்த வரியால் என்று கேளுங்கள். எல்லோரும் சரியான ஆளைச் சரியான வரியோடு சொன்னால் பொய்க் காரணம் வலுவாக இல்லை. பிறகு முடிவைக் காட்டுங்கள். அப்போது பக்கத்தைப் பின்னால் புரட்டி அந்த வரியைத் தேடினால் கதை நிற்கிறது. தேடாமல் "ஓ" என்று மட்டும் சொன்னால் துப்பு அவர்கள் மனதில் பதியவே இல்லை.

பின்சேர்க்கை: பின்னூட்டத்தில் ஒருவர் கேட்டிருந்தார்: "நாங்க கடையில பாக்கெட் மாவு வாங்குறோம். உளுந்துக்குத் தண்ணி தெளிக்கணும்னே எனக்குத் தெரியாது. அப்ப இது நியாயமான துப்பா?" இல்லை, அவருக்கு இது நியாயமாகாது. அதனால் திருட்டுக்கு மூன்று நாள் முன்பு ஒரு சின்னச் சண்டையைச் சேர்த்தேன். போனை நோண்டிக்கொண்டிருக்கும் பேத்தியைப் பாட்டி திட்டுகிறாள்: "பக்கத்துல நின்னு தண்ணி தெளிடி, இல்லாட்டி நாளைக்கு இட்லியை எடுத்துச் சுவத்துல அடிக்கலாம்." படித்தவர்களுக்கு அது பாட்டிக்கும் பேத்திக்கும் நடக்கும் வழக்கமான சண்டை. அந்தக் காட்சியில் சித்தி பக்கத்தில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருக்கிறாள். அவளை ஒரு வார்த்தையும் பேசவிடவில்லை.