தொண்டை கசந்தால் கண் மருந்து தவறான வழியில் போகிறது

போன மார்கழியில் அத்தைக்குக் கண் அழுத்தம் என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். காலையும் இரவும் இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு சொட்டு. கோபியில் வீட்டோடு இருக்கும் மருமகள் நான்தான், அதனால் விடுவது என் வேலை. பத்தாம் நாளே பாட்டில் காலி. 5 மில்லி பாட்டிலில் குறைந்தது 100 சொட்டு இருக்கும். நாளுக்கு 4 சொட்டு என்றால் 25 நாளாவது வந்திருக்க வேண்டும். அப்படியானால் ஒரு சொட்டு விட வேண்டிய இடத்தில் இரண்டு, மூன்று விட்டிருக்கிறேன். அத்தையும் தினமும், "தொண்டையெல்லாம் கசக்குது கண்ணு" என்றார். மாத்திரைக் கசப்பு என்று விட்டுவிட்டேன்.

கண்ணின் உள்மூலையில், மூக்கை ஒட்டி, கண்ணீர் வடியும் சிறு துளை இருக்கிறது. அது மூக்குக்குள் போகிறது, அங்கிருந்து தொண்டைக்கு. கீழ் இமைப் பையில் ஒரு சொட்டுக்கே முழுதாக இடம் கிடையாது. இரண்டாவது சொட்டு கன்னத்தில் வழியும், இல்லையென்றால் தொண்டைக்குப் போகும்.

கண் சொட்டு

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பாட்டிலில் குலுக்கச் சொல்லியிருந்தால் குலுக்குங்கள். நோயாளியைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்கச் சொல்லுங்கள். உட்கார வைத்து விடுவதைவிட இது எனக்குப் பிடிக்கும், தலை ஆடாது.

கீழ் இமையை விரலால் மெல்ல இழுத்தால் ஒரு பை மாதிரி விரியும். மேலே பார்க்கச் சொல்லி, அந்தப் பைக்குள் ஒரே ஒரு சொட்டு. பாட்டில் முனை இமையிலோ முடியிலோ படக் கூடாது. பட்டால் கிருமி உள்ளே போய்விடும்.

நான் தவறவிட்டது அடுத்த படி. சொட்டு விழுந்ததும் கண்ணை மெதுவாக மூடச் சொல்லுங்கள். இறுக்கி மூடவும் கூடாது, சிமிட்டவும் கூடாது. உடனே உள்மூலையை ஆள்காட்டி விரலால் லேசாக அழுத்தி 2 நிமிடம் வைத்திருங்கள். மூக்குத் தண்டின் நடுவை அழுத்தினால் பயனில்லை, கண்ணும் மூக்கும் சேரும் அந்த மூலைதான். முதல் வாரம் கடிகாரத்தைப் பார்த்தே செய்தேன், 2 நிமிடம் நினைத்ததைவிட நீளம். கசப்பு வெகுவாகக் குறைந்தது. அதுதான் சரியாக அழுத்துகிறோம் என்பதற்கு அடையாளம்.

இரண்டு மருந்து இருந்தால் நடுவில் 5 நிமிடமாவது விடுங்கள். களிம்பு கடைசியில். பாட்டிலைத் திறந்த தேதியை எழுதி ஒட்டுங்கள். பெரும்பாலான சொட்டு மருந்துகள் திறந்து 4 வாரம்தான்.

கசப்போடு இன்னொன்றும் நடந்தது. அத்தைக்கு ஏற்கனவே இளைப்பு உண்டு. சொட்டு ஆரம்பித்த பிறகு ராத்திரியில் மூச்சு அதிகமாக இழுத்தது. அது டைமோலால் என்ற மருந்து. மூக்கு வழியாக இரத்தத்தில் கலந்தால் மூச்சுக்குழாயைச் சுருக்கக் கூடியது, இளைப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. கண்ணுக்குத்தானே என்று இளைப்பைப் பற்றி டாக்டரிடம் நான் சொல்லவே இல்லை. போய்ச் சொன்னதும் வேறு மருந்து மாற்றிக் கொடுத்தார். நீங்கள் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

நெபுலைசர்

இதிலும் கண் வருகிறது. இளைப்புக்குக் கொடுக்கும் இப்ராட்ரோபியம் புகை முகமூடியின் மேல் விளிம்பில் கசிந்து கண்ணில் பட்டால், கண் அழுத்தம் உள்ள சிலருக்கு அழுத்தம் ஏறும். அதனால் நாங்கள் முகமூடியை விட்டு, வாயில் கவ்வும் குழலுக்கு மாறினோம். கவ்வ முடியாதவர்களுக்கு முகமூடி இடைவெளியில்லாமல் பொருந்த வேண்டும்.

நிமிர்ந்து உட்கார வையுங்கள். எழுதிக் கொடுத்த அளவு மருந்தைக் கிண்ணத்தில் ஊற்றி, மூடி, கிண்ணத்தை நேராகப் பிடியுங்கள். வாய் வழியாகச் சாதாரணமாக மூச்சு விட்டால் போதும். 10 நிமிடம் போல ஆகும். புகை விட்டுவிட்டு வந்து சளசளவென்று சத்தம் கேட்டால் முடிந்தது. ஸ்டீராய்டு மருந்து என்றால் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும், முகமூடி போட்டிருந்தால் முகத்தையும் கழுவ வேண்டும். கிண்ணத்தைக் கழுவி, உதறி, காற்றிலேயே காய விடுங்கள். முடித்த பிறகும் மூச்சு இழுத்தால், பேச முடியாமல் திணறினால், இன்னொரு தடவை வைத்துப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

காது சொட்டு

பாட்டிலைக் கைக்குள் சில நிமிடம் பொத்தி வையுங்கள், சில்லென்று விட்டால் தலை சுற்றும். பெரியவர்களுக்குக் காது மடலை மேலும் பின்னுமாக இழுக்க வேண்டும், 3 வயதுக்குள் கீழும் பின்னுமாக. சொட்டுவிட்டு 5 நிமிடம் ஒருக்களித்தே படுக்கட்டும். சீழ் வந்தாலோ செவிப்பறையில் ஓட்டை என்றாலோ டாக்டரைக் கேட்காமல் எதையும் விடாதீர்கள்.

பின்சேர்க்கை: கண்ணைத் திறக்கவே மாட்டேன் என்று அழும் குழந்தைக்கு என்ன செய்வது என்று ஈரோட்டிலிருந்து ஒரு அம்மா கேட்டிருந்தார். மல்லாக்கப் படுக்க வைத்து, மூடிய கண்ணின் உள்மூலையில் சொட்டை விடுங்கள். கண்ணைத் திறந்ததும் அதுவே உள்ளே இறங்கிவிடும். அது இறங்கும்வரை தலையைத் திருப்ப விடாதீர்கள்.