சீலிங் கறையின் படத்தைப் பார்த்துத் தண்ணீர் வரும் வழியைக் கண்டுபிடிப்பது எப்படி?

கார்த்திகையில் மழை இரண்டு நாள் விடாமல் பெய்தால் வன்னியில் பல வீடுகளின் சீலிங்கில் கறை தெரியத் தொடங்கிவிடும். அதைப் படம் எடுத்து மேசனுக்கோ வெளிநாட்டிலுள்ள பிள்ளைக்கோ வட்சப்பில் அனுப்புவார்கள். "அதுக்கு மேல இருக்கிற ஓட்டை மாத்துங்கோ" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். ஓடு மாற்றிய பிறகும் கறை வளரும். தண்ணீர் நுழையும் இடமும் கறை தெரியும் இடமும் ஒன்றாக இருப்பது குறைவு என்பதுதான் காரணம்.

ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு வீட்டிலிருந்து எனக்கு வந்த படங்களை வைத்தே இதை விளக்குகிறேன். அந்த வீட்டின் முன்பகுதி ஓட்டுக் கூரை, உள்ளே தகட்டு சீலிங். பின்னால் பிறகு கட்டிய குசினிக்குக் கொங்கிறீட் தட்டு, அதன்மேல் தண்ணீர்த் தாங்கி. ஹோலில் ஒரு கறை, குசினியில் ஒரு கறை. இரண்டும் மழைத் தண்ணீர் என்றே வீட்டுக்காரர் நினைத்திருந்தார்.

படி 1: படத்தை ஒழுங்காக எடுங்கள்

கறையை மட்டும் கிட்டத்தில் எடுத்த படத்தால் பயன் குறைவு. முதலில் அறையின் மூலை, சுவர், மின்விசிறி தெரியும்படி தூரத்திலிருந்து ஒன்று எடுங்கள். அப்புறம் கறைக்கு நேர் கீழே நின்று ஒன்று. அந்தப் படத்தில் ஒரு வெள்ளைக் கடதாசியும் தெரிய வேண்டும். தடியின் நுனியில் ஒட்டிப் பிடித்தாலும் சரி. மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில் வெறும் ஈரம்கூடப் பழுப்பாகத் தெரியும். கடதாசி வெள்ளையாக இருக்கிறதா என்று பார்த்தால் நிறத்தை எவ்வளவு நம்பலாம் என்பது தெரிந்துவிடும். மூன்றாவது படத்துக்குப் பிளாஷை நிறுத்திவிட்டு, டோர்ச்சைச் சீலிங்கை ஒட்டிப் பக்கவாட்டில் அடியுங்கள். உப்பிய இடமும் உரிந்த பெயின்ற்றும் நிழலோடு எழும்பித் தெரியும்.

கறையின் ஓரத்தைப் பென்சிலால் மெல்லக் கோடிட்டு, பக்கத்தில் திகதியும் எழுதிவிடுங்கள். அடுத்த படத்தோடு ஒப்பிட இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் தகடு அஸ்பெஸ்டஸாக இருந்தால் சுரண்டவோ துளைக்கவோ கூடாது.

படி 2: தகட்டு சீலிங்கில் வளையங்களை வாசியுங்கள்

ஹோலில் இருந்தது பழுப்புக் கறை. நடுப்பகுதி வெளிறி, ஓரம் கடும் பழுப்பாக, உள்ளே இன்னும் இரண்டு மெல்லிய வளையங்கள். ஓட்டுக்கும் சீலிங்குக்கும் இடையே தூசி, உக்கிய இலை, மரச்சாறு எல்லாம் சேர்ந்திருக்கும். தண்ணீர் அவற்றைக் கரைத்துக்கொண்டு தகட்டில் பரவும். ஈரத்தின் ஓரம் முதலில் காய்வதால் கரைந்தவை அங்கே ஒதுங்கி நிற்கும். அதனால்தான் நடு வெளிறி ஓரம் கறுக்கிறது.

வளையங்களை எண்ணி "மூன்று முறை ஒழுகியிருக்கிறது" என்று சொல்லிவிட முடியாது. பெரிய ஈரம் ஒன்று பிறகு வந்தால் பழைய வளையத்தையும் கரைத்து வெளியே தள்ளிவிடும். ஆகவே வெளி வளையம் இதுவரை வந்த பெரிய ஒழுக்கு. உள் வளையங்கள் அதற்குப் பிறகு வந்த சிறியவை. இப்படி வளையம் வளையமாக இருந்தால், தண்ணீர் வந்து, காய்ந்து, மறுபடி வந்திருக்கிறது என்று அர்த்தம். மழைத் தண்ணீரின் போக்கு பெரும்பாலும் அதுதான்.

இனி இடம். ஓட்டின் இடுக்கால் வரும் தண்ணீர் நேரே விழாது. ஓட்டின் அடிப்பக்கமாகவோ கைமரத்தின் வழியாகவோ சரிவில் இறங்கி, ஒரு ஆணியோ மூட்டோ தடுக்கும் இடத்தில்தான் சொட்டும். ஆகவே கறைக்கு நேர் மேலே அல்ல, அங்கிருந்து முகட்டுப் பக்கமாகத் தேடுங்கள். அந்த வீட்டில் கறைக்கு மூன்று வரிசை மேலே ஒரு ஓடு சறுக்கியிருந்தது. உடையவில்லை, சற்று இறங்கியிருந்தது, அவ்வளவுதான்.

கறை வட்டமாக இல்லாமல் தகட்டு மூட்டு நெடுக ஓடினால், தண்ணீர் தகட்டின் மேலே ஓடி மூட்டில் இறங்குகிறது. சுவரை ஒட்டிப் பட்டியாக நின்றால் பீலி நிரம்பி வழிகிறதா, கூரையும் சுவரும் சேரும் இடம் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். சிறிய மஞ்சள் திட்டுகள், நாற்றம், மழையோடு தொடர்பே இல்லை என்றால் அது பெரும்பாலும் மரநாயின் மூத்திரம். இதற்காக ஓட்டைப் பிரித்தவர்களும் உண்டு.

படி 3: கொங்கிறீட் தட்டில் வெள்ளையையும் துருவையும் பாருங்கள்

குசினிக் கறை வேறு சாதி. சுவரை ஒட்டி அரைவட்டம், பழுப்பு வளையம் இல்லை, ஓரத்தில் உப்புப் போல் வெள்ளைப் பூப்பு, நடுவே நேராக ஒரு செம்மஞ்சள் கோடு.

கொங்கிறீட்டுக்குள் மெல்ல ஊறி வரும் தண்ணீர் சீமெந்திலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வந்து, அடியில் காயும்போது வெள்ளையாக விட்டுவிடும். கடினத்தன்மை கூடிய கிணற்றுத் தண்ணீராலும் கேத்தலில் படிவது போல வெள்ளை படியும். ஆகவே வெள்ளையை மட்டும் வைத்து மழையா தாங்கியா என்று தீர்மானிக்க முடியாது. தண்ணீர் கொங்கிறீட்டுக்குள்ளால் மெதுவாக வருகிறது என்பதை மட்டும் அது சொல்லும். நேரான செம்மஞ்சள் கோடு உள்ளே கம்பி துருப்பிடிப்பதைக் காட்டும். துருப்பிடித்த கம்பி பருத்துச் சாந்தைத் தள்ளும். தட்டிப் பார்த்து வெறுஞ்சத்தம் கேட்டால் அதற்குக் கீழே நிற்காமல், தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள்.

படி 4: காலத்தோடு ஒப்பிடுங்கள்

மழையா தாங்கியா என்பதைத் தீர்த்தது பென்சில் கோடுதான். ஹோல் கறை தை பிறந்து மழை ஓய்ந்ததும் அப்படியே நின்றது. குசினிக் கறை பங்குனி வெயிலிலும் கோட்டைத் தாண்டி வளர்ந்தது. மழை இல்லாத மாதத்தில் வளரும் கறைக்கு வீட்டின் தாங்கியோ குழாயோதான் காரணமாக இருக்க வேண்டும்.

இரவு மோட்டரை நிறுத்தி, தாங்கியிலிருந்து இறங்கும் குழாயின் வால்வைப் பூட்டி, தண்ணீர் மட்டத்தை அடையாளம் வைக்கச் சொன்னேன். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் பிழை தாங்கியிலோ வால்வுக்கு முந்திய மூட்டிலோதான். இறங்காவிட்டால் வால்வுக்குப் பிறகுள்ள குழாயைத் தேட வேண்டும். அங்கே இறங்கியிருந்தது. தாங்கியும் குழாயும் சேரும் மூட்டில் கசிந்த தண்ணீர், தட்டின் வாட்டம் பிழையாக இருந்ததால் சுவர்ப் பக்கம் ஓடித் தேங்கி, அங்கிருந்த வெடிப்பால் இறங்கியிருக்கிறது. தாங்கி நின்றது நடுவில், கறை வந்தது சுவரோரத்தில்.

படம் சொல்லாதவை

இப்போது ஈரமா, பழைய கறையா என்பதைப் படத்தால் சொல்ல முடியாது. கையால் தொட்டுத்தான் பார்க்க வேண்டும். அதற்கு முன் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள், விசிறி அல்லது லைற்றுக்குப் பக்கத்தில் கறை இருந்தால் கட்டாயம். வளையமே இல்லாமல் கறுப்புப் புள்ளிகளாகப் பரவியிருந்தால் அது பூஞ்சணம். காற்றோட்டமில்லாத குசினியில் சமையல் ஆவியே அதற்குப் போதும், ஒழுக்கு இல்லாமலும் வரும்.

திருத்திய பிறகு பழுப்புக் கறைக்கு மேல் நேரே தண்ணீர்ப் பெயின்ற் அடித்தால் கறை அதில் கரைந்து மீண்டும் மேலே வரும். நன்றாகக் காயவிட்டு, எண்ணெய் அடிப்பூச்சு ஒன்று அடித்து, அதன்மேல் பெயின்ற் அடியுங்கள். கூரை ஒழுக்கு என்றால் அதற்கு முன் ஒரு பெருமழை கடந்து, பென்சில் கோடு தாண்டப்படவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.