காலைக் குமட்டல்: குவார்ட்டரைக் குறைத்த கணக்கு

தினமும் இரவு ஒரு குவார்ட்டர் பிராந்தி குடிப்பவருக்குக் காலையில் பல் துலக்கும்போதே குமட்டினால், முதலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேல்வயிறு எரிந்து, புளித்த ஏப்பம் வந்தால் அது பெரும்பாலும் இரைப்பை அழற்சி. கை நடுங்கி, வியர்த்து, ஒரு மடக்கு குடித்ததும் எல்லாம் அடங்கினால் உடல் சாராயத்துக்கு ஏங்குகிறது என்று பொருள். இரண்டும் சேர்ந்தும் வரும்.

ஏக்கம் இருப்பவர் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. நிறுத்திய முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். முன்பு வலிப்போ மனக்குழப்பமோ வந்தவர்கள் வீட்டில் முயலவே வேண்டாம். மருத்துவமனையில்தான் நிறுத்த வேண்டும்.

எனக்குச் சரிப்பட்ட கணக்கு இது. 180 மில்லியை மருந்து மூடியால் அளந்து, நான்கு நாளைக்கு ஒருமுறை 20 மில்லி குறைத்தேன். ஐந்து வாரத்தில் பூஜ்ஜியம். கண்ணளவில் ஊற்றினால் கணக்கு கெடும். நடுக்கம் கூடினால் முந்தைய அளவுக்குத் திரும்பி, அங்கேயே சில நாள் நிற்க வேண்டும். வெறும் வயிற்றில் குடிக்கவே கூடாது.

அமிலச் சுரப்பைக் குறைக்கும் பேன்டோபிரசோல் போன்ற மாத்திரையைக் காலை உணவுக்கு அரை மணி முன்பு போட வேண்டும், சாப்பிட்டபின் போட்டால் பலன் குறைவு. தயமின் என்ற வைட்டமின் பி1 மாத்திரையையும் மருத்துவரிடம் கேளுங்கள். தலைவலிக்கு டைக்ளோபினாக், இபுபுரூஃபன் போடுவதுதான் பலர் செய்யும் தவறு. அவை இரைப்பைப் புண்ணை ஆழமாக்கும்.

மலம் தார் போலக் கறுத்தாலோ வாந்தியில் ரத்தம் வந்தாலோ உடனே 108.