10 லட்சத்துக்குள் கல்யாணச் சீர்: நகைக் கணக்கை முதலில் போடுவது எப்படி?

என் தங்கை கல்யாணத்துக்கு நாங்கள் முதலில் போனது பட்டுப் புடவைக் கடைக்கு. நல்ல நாள் பார்த்துப் புடவைதான் முதலில் எடுக்க வேண்டும் என்று பெரியம்மா சொன்னார். அன்று கை தாராளமாகப் போய்விட்டது. கடைசியில் நகைக்கு மிச்சமிருந்த பணத்தில் மூன்று பவுன் செயின் இரண்டே கால் பவுனாகச் சுருங்கியது. நல்ல நாளில் ஒரே ஒரு புடவை எடுத்துச் சம்பிரதாயத்தை முடித்துவிட்டு, மற்றதை நகைக்கு அப்புறம் வைத்துக்கொண்டிருக்கலாம்.

சீர் செலவில் தினமும் விலை மாறுவது தங்கம் மட்டும்தான். புடவையும் பாத்திரமும் நம் கைக்கு அடங்கியவை. அதனால்தான் தங்கத்திலிருந்து தொடங்கச் சொல்கிறேன். ஒரு குடும்பம் மொத்தம் 10 லட்சம் என்று முடிவு செய்திருப்பதாக வைத்துக்கொள்வோம். மண்டபம், சாப்பாடு இதில் சேராது.

படி 1: யார் எதை எடுப்பது?

முகூர்த்தப் புடவையும் திருமாங்கல்யமும் பல வீடுகளில் மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது. சில வீடுகளில் தாலியைப் பெண் வீட்டார் தருவார்கள். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து இதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பேசாமல் விட்டால் ஒரே பொருளை இருவரும் வாங்குவது நடக்கும். இது பங்கு பிரிக்கும் பேச்சு மட்டுமே. மாப்பிள்ளை வீட்டிலிருந்து "இத்தனை பவுன் போட வேண்டும்" என்று கேட்டால் அது வரதட்சணை. 1961 ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டப்படி கேட்பதே குற்றம்.

படி 2: நான்கு கவர்

10 லட்சத்தை இப்படிப் பிரிக்கலாம்: நகைக்கு 6,50,000, புடவைக்கு 1,20,000, வீட்டுச் சாமானுக்கு 1,50,000, கையிருப்பு 80,000. ஒரு கவரில் குறைந்தால் இன்னொரு கவரில் கை வைக்கக் கூடாது. கையிருப்பு எதற்கு என்பதைப் பிறகு சொல்கிறேன்.

படி 3: பணத்திலிருந்து பவுனுக்கு வாருங்கள்

பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான். கணக்குச் சுலபமாக வர, 22 காரட் தங்கம் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். நீங்கள் அன்றைய விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பவுன் 8 கிராம், அதாவது 80,000. 6,50,000-ஐ 80,000-ஆல் வகுத்து "எட்டு பவுன் வந்துவிடும்" என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். வராது.

கடையில் தங்கத்தின் விலையோடு சேதாரம் சேரும், சில கடைகளில் செய்கூலியும் தனியாகச் சேரும். அந்தக் கூட்டுத்தொகைக்கு 3 சதவீதம் ஜிஎஸ்டி. சேதாரமும் கூலியும் சேர்த்துச் சராசரியாக 12 சதவீதம் என்றால் ஒரு கிராமின் உண்மையான விலை இது:

10,000 × 1.12 × 1.03 = 11,536 ரூபாய்

6,50,000-ஐ இதால் வகுத்தால் 56 கிராம் சொச்சம், அதாவது ஏழு பவுன். வீட்டில் பேசியதைவிட ஒரு பவுன் குறைவு. இந்த ஏழு பவுன் கணக்கைத்தான் வீட்டில் எல்லோரிடமும் சொல்ல வேண்டும்.

ஏழு பவுனை இப்படிப் பிரிக்கலாம்: செயின் மூன்று, வளையல் ஜோடி இரண்டு, நெக்லஸ் ஒன்று, கம்மல் அரை, மோதிரம் அரை. அடிக்கடி போடும் கனமான நகையைச் சாதாரண வேலைப்பாட்டில் எடுங்கள். மூன்று பவுன் செயினுக்குச் சேதாரம் 8 சதவீதமா 18 சதவீதமா என்பதில் 2.4 கிராம் வித்தியாசம். வரியோடு 24,720 ரூபாய். செயினை விற்கப் போனால் அந்தப் பணம் திரும்பி வராது. வேலைப்பாடு ஆசை இருந்தால் நெக்லஸில் தீர்த்துக்கொள்ளுங்கள், எடை சிறியது.

பில் போடும் முன் எஸ்டிமேட் வாங்கி மூன்றைப் பாருங்கள். கல் வைத்த நகையில் கல்லின் எடையைக் கழித்த நிகர எடைக்குத்தான் தங்க விலை போட்டிருக்கிறார்களா? சேதாரம் ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாகக் காட்டப்பட்டிருக்கிறதா? நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க HUID என்ற ஹால்மார்க் குறியீடு இருக்கிறதா? அதை BIS Care செயலியில் அடித்தால் நகையின் வகையும் தூய்மையும் வரும். கையில் வளையல் இருந்து செயலி மோதிரம் என்று காட்டினால் வாங்காதீர்கள்.

அம்மாவின் பழைய நகையை மாற்றிப் புதிது எடுக்கலாமா என்ற பேச்சும் வரும். இரண்டு பவுன் பழைய செயினை, உருக்குக் கழிவே இல்லாமல் முழு விலைக்கு எடுத்துக்கொண்டாலும் 1,60,000 கிடைக்கும். அதில் புதிதாக 13.87 கிராம்தான் வரும். 16 கிராம் 14-க்கும் கீழே போகிறது. மெருகு போட்டு அப்படியே கொடுத்துவிடுங்கள் என்பதுதான் என் கருத்து.

கையிருப்புக்கு வருகிறேன். கணக்குப் போட்ட நாளுக்கும் வாங்கும் நாளுக்கும் இடையில் கிராமுக்கு 800 ரூபாய் ஏறினால் 56 கிராமுக்குச் சுமார் 52,000 கூடும். 80,000 அதைத் தாங்கும். அட்வான்ஸ் கட்டி விலையைப் பிடித்து வைக்கும் வசதி உள்ள கடையில், விலை இறங்கினால் இறங்கிய விலைக்குக் கொடுப்பார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

படி 4: புடவை

நிச்சயதார்த்தம், நலங்கு, வரவேற்பு, மறுவீடு என்று விசேஷத்தை எண்ணி, அதற்கு ஏற்ப எடுங்கள். ஒவ்வொரு புடவைக்கும் பிளவுஸ் தையல், ஆரி வேலை, ஃபால்ஸ், குச்சு கட்டும் கூலி ஆகியவற்றையும் சேர்த்தே விலை எழுதுங்கள். 15,000 ரூபாய்ப் புடவை பிளவுஸோடு 20,000 ஆவது சாதாரணம். 1,20,000 என்றால் இரண்டு நல்ல பட்டு, மூன்று நடுத்தரம், மீதியில் தினசரிக்குப் பருத்தி. பட்டுக்கு சில்க் மார்க் முத்திரையைப் பாருங்கள். அது பட்டு நூலுக்குத்தான் உத்தரவாதம். ஜரிகை அசலா என்பதைக் கடைக்காரரிடம் தனியாகக் கேட்டு பில்லில் எழுதி வாங்க வேண்டும்.

படி 5: வீட்டுச் சாமான்

பெண் போய்க் குடியிருக்கும் வீட்டை முதலில் பாருங்கள். மூன்றாவது மாடி வாடகை வீட்டுக்கு இரட்டைக் கதவு பீரோ ஏறாது. எவர்சில்வரும் பித்தளையும் எடைக்கு விற்பதால், மண்டபத்தில் பரப்பி வைக்க நினைத்தால் தேவையில்லாத அண்டாவும் குடமும் சேரும். குத்துவிளக்கு, குக்கர், மிக்ஸி, கிரைண்டர், படுக்கை, அன்றாடச் சமையல் பாத்திரம் போதும். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் பணத்தைப் பெண்ணின் பெயரில் வங்கியில் போட்டுவிடுங்கள், வீடு அமைந்த பின் அவளே வாங்கட்டும். தாய்மாமனும் அத்தையும் என்ன செய்யலாம் என்று கேட்பார்கள். பட்டியலில் இன்னும் வாங்காததை ஆளுக்கு ஒன்றாகச் சொல்லுங்கள், நம் கவரில் அந்தப் பணம் மிஞ்சும்.

படி 6: பட்டியலைப் பத்திரப்படுத்துங்கள்

செலவு நோட்டையே சீர்ப் பட்டியலாக்கிவிடலாம். வரதட்சணைத் தடைச் சட்டத்தின் 1985 ஆம் ஆண்டு விதிகளின்படி கல்யாணத்தில் வரும் பரிசுகளை எழுத்தில் வைத்திருக்க வேண்டும். பொருளின் விவரம், தோராய மதிப்பு, கொடுத்தவர் பெயர், அவர் உறவினர் என்றால் என்ன உறவு என்பதையெல்லாம் எழுதி, பெண்ணும் மாப்பிள்ளையும் கையெழுத்திட வேண்டும். பெண்ணுக்கு வந்தவற்றின் பட்டியல் பெண்ணிடமே இருக்கட்டும், நகை பில்களோடு சேர்த்து.