கிரெடிட் கார்டு: ஸ்டேட்மென்ட் தேதியையும் கெடு தேதியையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்

ஜூன் மாதம் மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டால் குறுவைக்கான செலவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கிவிடும். மன்னார்குடிப் பக்கத்து விவசாயி ஒருவர் 24,000 ரூபாய்க்குப் போர்வெல் மோட்டார் ஒன்றைக் கிரெடிட் கார்டில் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய கார்டுக்கு ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதி ஸ்டேட்மென்ட் வரும். அதிலிருந்து 20 நாளில் பணம் கட்ட வேண்டும்.

"ஐம்பது நாள் வட்டி இல்லை" என்று வங்கிகள் சொல்வதை ஒவ்வொரு பொருளுக்கும் ஐம்பது நாள் என்று எடுத்துக்கொள்வதுதான் பலர் செய்யும் முதல் தவறு. மோட்டாரை ஜூன் 14 அன்று வாங்கினால், அது மறுநாள் வரும் ஸ்டேட்மென்டிலேயே ஏறி, ஜூலை 5க்குள் கட்ட வேண்டியதாகிவிடும். கிடைப்பது 21 நாள்தான். அதே மோட்டாரை ஜூன் 16 அன்று வாங்கினால், அது ஜூலை 15 ஸ்டேட்மென்டில் வந்து, கெடு ஆகஸ்ட் 4 ஆகும். 49 நாள் கிடைக்கும். ஸ்டேட்மென்ட் தேதியை ஒட்டி வாங்கும்போது, கார்டைத் தேய்த்த நாளன்றி வங்கிக் கணக்கில் பதிவான நாளே பெரும்பாலும் கணக்கில் கொள்ளப்படுவதால், அது எந்த மாதத்தில் சேர்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்வது அவசியம். ஆனால் 49 நாள் கிடைத்தாலும் அதற்குள் குறுவை நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய்ச் சேராது. ஆகவே அறுவடைப் பணத்தை நம்பிக் கார்டில் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது தவறு இதைவிடக் கடுமையானது. கெடு நாளில் 20,000 ரூபாயைக் கட்டிவிட்டு, மீதி 4,000 ரூபாயை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவார்கள். "குறைந்தபட்சத் தொகையைத்தான் கட்டிவிட்டோமே" என்றும் நினைப்பார்கள். குறைந்தபட்சத் தொகை தாமதக் கட்டணத்தைத் தவிர்க்கும், வட்டியைத் தவிர்க்காது. அந்த 4,000 ரூபாய்க்கு வட்டி ஆகஸ்ட் 5 முதல் அல்ல, மோட்டார் வாங்கிய ஜூன் மாதத்திலிருந்தே கணக்கிடப்படும். அதோடு, பாக்கி நிற்கும்வரை புதிய செலவுகளுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது. ஆகஸ்ட் 6 அன்று 10,000 ரூபாய்க்கு உரம் வாங்கினால், அதற்கான கெடு செப்டம்பர் 4 என்று ஸ்டேட்மென்டில் இருந்தாலும், வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். மாதம் மூன்றரை சதவீதம் என்றால் நாளொன்றுக்குச் சுமார் பதினொன்றரை ரூபாய், அதன்மேல் ஜி.எஸ்.டி. வேறு.

கெடு தாண்டி மூன்று நாள் வரை தாமதக் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. இதை மூன்று நாள் கூடுதல் அவகாசமாகக் கருதக் கூடாது, ஏனெனில் இச்சலுகை வட்டிக்குப் பொருந்தாது.

கெடு தேதி உங்கள் கையில் பணம் வரும் நாளுக்கு ஒத்துவரவில்லையென்றால், ஸ்டேட்மென்ட் தேதியைத் தீர்மானிக்கும் பில்லிங் சுழற்சியை ஒரு முறையாவது மாற்றிக்கொள்ளும் வாய்ப்பை வங்கி அளிக்க வேண்டும் என்றும் அதே விதிகள் கூறுகின்றன. மாற்றிய பிறகு வரும் முதல் ஸ்டேட்மென்டில் சுழற்சி எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்று சரிபார்த்துவிட்டு, அதன்பின் பெரிய பொருளை வாங்குங்கள்.