கலப்பு வினாத்தாளுக்கு விடை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் தரம் 5 பிள்ளைகளின் தாய்மார் மாதிரி வினாத்தாளைப் போனில் படம் எடுத்து, விடை கேட்டு எங்களுக்கு அனுப்புவார்கள். தமிழ், கணிதம், சுற்றாடல் எல்லாம் ஒரே தாளில் கலந்து கிடக்கும். விடைகளைப் பாடவாரியாகப் பிரித்துக் கொடுக்கப் புதிதாக வருகிற தம்பி, தங்கைமார் அநேகமாக ஒரே குழியில்தான் விழுகிறார்கள். மங்கல் படம், எழுத்துப்பிழை இவற்றை விடுகிறேன், போகப் போகச் சரியாகிவிடும்.

பாடத்துக்குப் பாடம் புது இலக்கம் போடுவது

இதைக் கண்டால் எனக்கு இன்னமும் எரிச்சல்தான். 30 வினாக்கள் உள்ள ஒரு தாளில் சுற்றாடல் வினாக்கள் 4, 9, 20, 23. ஒரு தம்பி தலைப்புப் போட்டு, அழகாகக் கோடும் கீறி, அதன் கீழ் 1, 2, 3, 4 என்று எழுதி அனுப்பிவிட்டார். கணிதத்தின் கீழும் மறுபடி 1, 2, 3. தாய் தாளை எடுத்துத் திருத்துகிறார். பிள்ளை 4ஆம் வினாவுக்கு (1) என்று சரியாகத்தான் எழுதியிருக்கிறது, ஆனால் பட்டியலில் "4 – 2" என்று இருக்கிறது. அது 23ஆம் வினாவின் விடை! தெரிவுகளும் 1 முதல் 4 வரையான இலக்கங்கள் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பிள்ளை சரியான விடையை அழித்துவிட்டுப் பிழையைப் பாடமாக்கியது.

தாளில் உள்ள இலக்கம், அடைப்புக்குள் தெரிவு, அப்புறம் விடை சொல்லில். மகாவலி கடலில் கலக்கும் மாவட்டத்தைக் கேட்டால் இப்படி:

23 – (2) திருகோணமலை

இலக்கம் மாறிப்போனாலும் சொல் காட்டிக்கொடுத்துவிடும்.

பெயரைப் பார்த்துப் பாடத்தை முடிவுசெய்வது

மகாவலி 335 கிலோமீற்றர், அருவியாறு 164 கிலோமீற்றர், வித்தியாசம் என்ன? ஆறு வந்துவிட்டதே என்று இதைச் சுற்றாடலில் போடுகிறார்கள். பிள்ளை செய்ய வேண்டியது கழித்தல், விடை 171, ஆகவே கணிதம். அதேபோல் கோணேசர் கோயிலைப் பற்றி ஒரு பந்தி தந்து, அதை வாசித்து விடை எழுதச் சொன்னால் அது சமயம் அல்ல, தமிழ். விடை பந்திக்குள்ளேயே இருக்கிறதே. அந்தப் பந்தியின் வினாக்களைச் சேர்த்தே வையுங்கள், பிரித்தால் வாசிப்பவருக்குத் தலையும் விளங்காது, வாலும் விளங்காது.

படத்தைப் பார்த்தபடியே பிரிப்பது

முதலில் தாளின் வரிசையிலேயே எல்லா விடைகளையும் எழுதுங்கள். பாடவாரியாகப் பிரிப்பது பிறகு.

எண்ணாமல் அனுப்புவது

அதே 30 வினாத் தாளில் தமிழ் 11, கணிதம் 12, சுற்றாடல் 4 என்று வந்தது. கூட்டினால் 27, மூன்று வினா குறைகிறது. முதல் படம் 14ஆம் வினாவோடு முடிகிறது, அடுத்த படம் 18இல் தொடங்குகிறது. பக்கத்தின் அடிப்பகுதி படத்தில் விழவேயில்லை. இதற்கு ஊகித்து எழுத வேண்டாம், அந்தப் பக்கத்தை மறுபடி படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.